பங்கு வாங்கினால் முதலாளி, பத்திரம் வாங்கினால் கடன் கொடுத்தவர்

கேமரன் மலையில் இன்று நாம் பார்க்கும் தேயிலைச் சரிவுகளில் முக்கியமானது போ தோட்டம். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், சிலோனில் தேயிலைத் தொழிலில் நீண்ட அனுபவம் பெற்றிருந்த ஏ. பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து இதைத் தொடங்கினார். அப்போது அது காடு. மரங்களை அகற்றி, சரிவுகளைத் திருத்தி, பாதை போட்டு, நாற்று நட வேண்டியிருந்தது. நட்ட பிறகும் உடனே வருமானம் கிடையாது. தேயிலைச் செடி முறையாகக் கொழுந்து கிள்ளும் நிலைக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை கூலி, உரம், போக்குவரத்து என்று செலவு மட்டுமே இருக்கும்.

அவர்கள் தொடங்கிய அதே 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, உலகப் பொருளாதார மந்தம் ஆரம்பமானது. தேயிலை விலையும் வீழ்ந்தது. 1933இல் இந்தியா, சிலோன், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள ஓர் உடன்பாடு செய்யும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் புதிய தோட்டம் போட்டவருக்கு, முதல் கொழுந்து கைக்கு வரும்போது சந்தையில் நல்ல விலை இல்லை.

இப்படிப்பட்ட ஒரு தொழிலுக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால், பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புரியும்.

இரண்டு விதமான பணம்

ஒரு நிறுவனம் வெளியாரிடமிருந்து இரண்டு விதமாகப் பணம் திரட்டலாம். முதல் வழி, நிறுவனத்தின் உரிமையையே சிறு சிறு துண்டுகளாக்கி விற்பது. அந்தத் துண்டுதான் பங்கு. அதை வாங்குபவர் அந்தத் துண்டு அளவுக்கு முதலாளி. அவருக்கு இவ்வளவு தருகிறோம் என்று நிறுவனம் எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. லாபம் வந்தால், அதில் ஒரு பகுதியை லாப ஈவாகப் பிரித்துக் கொடுக்கலாம். வராவிட்டால் ஒன்றும் இல்லை. போட்ட பணத்தை நிறுவனம் திருப்பித் தரும் தேதி என்று ஒன்றும் கிடையாது. பணம் வேண்டுமென்றால், பங்கை வேறொருவரிடம் விற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, கடன் வாங்குவது. பெரிய கடனைச் சிறு துண்டுகளாக்கிப் பலரிடம் விற்றால், ஒவ்வொரு துண்டும் ஒரு கடன் பத்திரம். அதில் மூன்று விஷயங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு வட்டி, எந்தத் தேதிகளில் வட்டி, எந்த ஆண்டில் முதல் திரும்பும். தோட்டம் செழித்தாலும் வாடினாலும் இந்த மூன்றும் மாறாது. நம் நாட்டில் அதிகம் காணப்படும் சுக்குக் பத்திரங்கள் வட்டி இல்லாமல், ஒரு சொத்தையோ வணிகத்தையோ அடிப்படையாக வைத்து அமைக்கப்படுபவை. ஆனால் குறித்த காலத்தில் குறித்த தொகை என்ற ஏற்பாட்டில், முதலீட்டாளருக்கு அவையும் கடன் பத்திரம் போலவே பயன்படுகின்றன.

போ தோட்டம் இன்றும் ரஸ்ஸல் குடும்பத்தின் தனியார் நிறுவனம்தான். புர்சா மலேசியாவில் அதன் பங்கை நாம் வாங்க முடியாது. ஆகவே, கணக்குப் போட்டுப் பார்க்க ரிங்லெட் பக்கத்தில் ஒரு கற்பனைத் தோட்டத்தை நாமே அமைத்துக்கொள்வோம்.

அக்காளும் தம்பியும்

தோட்டம் அமைக்க 1 கோடி வெள்ளி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 லட்சம் வெள்ளி பங்குகள் மூலம் வருகிறது. ஒரு பங்கு 1 வெள்ளி, ஆக மொத்தம் 60 லட்சம் பங்குகள். மீதி 40 லட்சம் வெள்ளி கடன் பத்திரங்கள் மூலம் வருகிறது. ஆண்டு வட்டி 6 விழுக்காடு, பத்தாம் ஆண்டில் முதல் திரும்பும். ஆண்டுதோறும் நிறுவனம் கொடுக்க வேண்டிய மொத்த வட்டி 240,000 வெள்ளி.

அக்காளிடம் 1,000 வெள்ளி இருக்கிறது. அவர் 1,000 பங்குகள் வாங்குகிறார். தம்பியிடமும் 1,000 வெள்ளி இருக்கிறது. அவர் கடன் பத்திரம் வாங்குகிறார். தம்பிக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி வட்டி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. அக்காளுக்கு எதுவும் உறுதி இல்லை.

முதல் மூன்று ஆண்டுகளில் கொழுந்து இல்லை. ஆனால் தம்பியைப் போன்றவர்களுக்கு வட்டி கொடுத்தே ஆக வேண்டும். மூன்று ஆண்டுக்கு 720,000 வெள்ளி. வருமானம் இல்லாததால் அது முதலாளிகள் போட்ட பணத்திலிருந்தே போகிறது. செடி வளரும் வேகத்துக்கு வட்டித் தேதி காத்திருக்காது. அதனால்தான் வருமானம் தாமதமாக வரும் தொழில்களைப் பெரும்பாலும் பங்குப் பணத்தில் தொடங்குவார்கள். முழுவதும் கடனில் போட்ட தோட்டம், முதல் கொழுந்து வருமுன்பே கடன்காரர்கள் கைக்குப் போய்விடக்கூடும்.

நான்காம் ஆண்டிலிருந்து தோட்டம் விளைச்சல் தருகிறது. வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். வட்டி கொடுத்த பிறகு மிஞ்சுவது முழுவதும் பங்குதாரர்களுக்கே பிரிக்கப்படுவதாகவும் கொள்வோம்.

சாதாரண ஆண்டு: வட்டிக்கு முந்தைய லாபம் 840,000 வெள்ளி. வட்டி 240,000 போக மீதி 600,000. அதை 60 லட்சம் பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 10 காசு. அக்காளுக்கு 100 வெள்ளி, தம்பிக்கு 60 வெள்ளி.

நல்ல ஆண்டு: மழை சீராகப் பெய்கிறது, விலையும் கூடுகிறது. லாபம் 1,440,000 வெள்ளி. வட்டி போக 12 லட்சம். பங்குக்கு 20 காசு. அக்காளுக்கு 200 வெள்ளி, தம்பிக்கு அதே 60 வெள்ளி.

மோசமான ஆண்டு: கொழுந்து கிள்ள ஆள் பற்றாக்குறை, நிலச்சரிவால் பாதை அடைப்பு. லாபம் 300,000 வெள்ளிதான். வட்டி போக மீதி 60,000. பங்குக்கு 1 காசு. அக்காளுக்கு 10 வெள்ளி, தம்பிக்கு அப்போதும் 60 வெள்ளி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண ஆண்டிலிருந்து மோசமான ஆண்டுக்கு வரும்போது தோட்டத்தின் லாபம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் அக்காளின் வருமானம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வட்டி அசையாமல் நிற்பதால், லாபத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் மிச்சத்தின் மீது விழுகிறது. அந்த மிச்சம்தான் முதலாளியின் பங்கு. நல்ல ஆண்டில் இதே காரணத்தால் அவருடைய வருமானம், லாபத்தைவிட வேகமாக உயர்ந்தது. கடன் கூடக் கூட, பங்குதாரரின் ஊஞ்சல் இரு பக்கமும் இன்னும் உயரமாக ஆடும்.

தோட்டம் மூழ்கினால்

வட்டிக்கு முந்தைய லாபம் 150,000 ஆகக் குறைந்தால், வட்டி கட்டவே 90,000 வெள்ளி குறைகிறது. கையிருப்பு உள்ளவரை சமாளிக்கலாம். அதுவும் தீர்ந்தால் வட்டித் தேதி தவறும். லாப ஈவு கொடுக்காத நிறுவனத்தின் மீது பங்குதாரர் வழக்குப் போட முடியாது. வட்டித் தேதி தவறினால், கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றம் போகலாம், நிறுவனத்தைக் கலைக்கும்படியும் கேட்கலாம்.

கலைக்கும்போது பணம் ஒரு வரிசையில் போகும். ஏதேனும் சொத்தை ஈடாகப் பெற்றவர்களுக்கு அந்தச் சொத்தின் மீது முதல் உரிமை. ஈடு இல்லாத சொத்துகளிலிருந்து, கலைப்புச் செலவும் தொழிலாளர்களின் சம்பள பாக்கி போன்ற முன்னுரிமைக் கடன்களும் முதலில் தீர்க்கப்படும். பிறகு ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். கடைசியில், ஏதாவது மிஞ்சினால், பங்குதாரர்கள்.

நம் தோட்டத்தில் எதுவும் ஈடு வைக்கப்படவில்லை. அது 50 லட்சம் வெள்ளிக்கு விலை போகிறது. செலவும் சம்பள பாக்கியும் சேர்ந்து 6 லட்சம். மீதி 44 லட்சத்தில் பத்திரக்காரர்களுக்கு 40 லட்சம் முழுமையாகப் போகிறது. தம்பிக்கு 1,000 வெள்ளியும் திரும்புகிறது. எஞ்சிய 4 லட்சம் 60 லட்சம் பங்குகளுக்குப் பிரிகிறது. அக்காளுக்குச் சுமார் 67 வெள்ளி.

அதே தோட்டம் 30 லட்சத்துக்குத்தான் விற்றது என்றால்? 6 லட்சம் போக 24 லட்சம். 40 லட்சம் கடனுக்கு அது போதாது. ஒவ்வொரு வெள்ளிக்கும் 60 காசுதான். தம்பிக்கு 600 வெள்ளி, அக்காளுக்கு ஒன்றுமில்லை. வரிசையில் முன்னால் நிற்பது பாதுகாப்பு தரும். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அக்காளுக்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. பங்குக்குரிய பணத்தை முழுமையாகச் செலுத்திவிட்டதால், நிறுவனத்தின் மீதிக் கடனுக்காக அவருடைய வீட்டுக்கு யாரும் வர முடியாது. அவர் இழக்கக்கூடியது அந்த 1,000 வெள்ளி மட்டுமே.

கற்பனை அல்ல: மெக்லியாட் ரஸ்ஸல்

தேயிலை உலகில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெக்லியாட் ரஸ்ஸல், அசாமிலும் பிற இடங்களிலும் பெரும் தோட்டங்களை வைத்திருந்த, உலகின் மிகப் பெரிய தேயிலை உற்பத்தி நிறுவனங்களில் ஒன்று. அதன் செடிகள் பட்டுப்போகவில்லை. தேயிலை குடிப்பதை மக்கள் நிறுத்தவும் இல்லை. நிறுவனம் தான் கடன் வாங்கிக்கொண்டே, தன் குழுமத்தின் மற்ற நிறுவனங்களுக்குப் பெரும் தொகையைக் கடனாகக் கொடுத்தது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. கடனை அடைக்கத் தோட்டங்களை ஒவ்வொன்றாக விற்றும், 2019இல் வங்கிகளுக்குத் தவணை தவறியது.

பங்குதாரர்களுக்கு நேர்ந்தது என்ன? 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 150 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, 2020 மார்ச் மாதத்தில் சில ரூபாய்க்கு வந்துவிட்டது. எந்த நீதிமன்றத்திலும் அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. விலை இறங்குவது வாக்குறுதி மீறல் ஆகாது.

கடன் கொடுத்தவர்கள் நிலை வேறு. 100 கோடி ரூபாய் கொடுத்திருந்த டெக்னோ எலக்ட்ரிக் என்ற நிறுவனம் திவால் சட்டத்தின் கீழ் மனுப் போட, 2021 ஆகஸ்டில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது. மெக்லியாட் ரஸ்ஸலின் மொத்தக் கடனில் அந்த 100 கோடி ஒரு சிறு பகுதிதான். ஆனாலும் அந்த ஒரு மனு நிறுவனத்தின் நிர்வாகத்தையே ஆட்டம் காணச் செய்தது. இரு தரப்பும் சமரசத்துக்கு வந்த பிறகே நடவடிக்கை நின்றது. கடன் கொடுத்தவரின் பலம் அந்த ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. ஆனால் பெரும் தொகை கொடுத்த வங்கிகள் அதன் பிறகும் தீர்வு தேடிக் காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதமும் ஒரு நட்டம்தான்.

பங்குக்கு ஒரு குரல் உண்டு

பணக் கணக்கில் வராத ஒரு வேறுபாடும் இருக்கிறது. அதை மலேசியத் தமிழர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டவர்கள். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். அவை துண்டாடப்பட்டபோது, தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்ற முடிவில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

அதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தைச் சேர்த்துக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதே 100 வெள்ளியை அவர்கள் பழைய முதலாளிக்குக் கடனாகக் கொடுத்திருந்தால், வட்டி கிடைத்திருக்கும். தோட்டம் விற்கப்பட்ட அன்று முதலும் திரும்பியிருக்கும். ஆனால் தோட்டம் போயிருக்கும். நிலம் யார் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை, உரிமையாளருக்குத்தான் உண்டு.

கூட்டுறவுப் பங்கு சந்தைப் பங்கு போல விலை ஏறி இறங்குவதில்லை. அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு. நிறுவனத்திலோ பங்குக்கு ஒரு வாக்கு. நம் அக்காளுக்கு 60 லட்சத்தில் 1,000 வாக்குகள். குரல் உண்டு, ஆனால் மிக மெல்லிய குரல்.

பத்திரத்துக்கும் ஓர் இடறல் உண்டு

கடன் திரும்பி வருவது உறுதியாக இருந்தாலும் பத்திரத்தின் விலை அசையும். 2013 பிப்ரவரியில் டானா இன்ஃப்ரா என்ற அரசாங்க நிறுவனம், எம்ஆர்டி ரயில் திட்டத்துக்காகப் பொதுமக்களுக்கு 30 கோடி வெள்ளி மதிப்புள்ள சுக்குக்கை வெளியிட்டது. பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு 4 விழுக்காடு, அரசாங்க உத்தரவாதம். புர்சா மலேசியாவில் பங்குகளைப் போல வாங்கி விற்கக்கூடிய முதல் பத்திரம் அதுதான். 1,000 வெள்ளி போட்டவருக்கு ஆண்டுக்கு 40 வெள்ளி, முதிர்வில் 1,000 வெள்ளி.

இப்படி ஒரு பத்திரத்துக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கும்போது, அதே தரமுள்ள புதிய பத்திரங்கள் 5 விழுக்காடு தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக்கு 50 வெள்ளி கிடைக்கும்போது, 40 வெள்ளி தரும் பழைய பத்திரத்தை யார் 1,000 வெள்ளி கொடுத்து வாங்குவார்? விலை ஏறக்குறைய 965 வெள்ளிக்கு இறங்கினால்தான் வாங்க ஆள் வரும். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு 1,000 வெள்ளி கிடைத்துவிடும். நடுவில் கல்லூரிக் கட்டணத்துக்காக அவசரமாக விற்பவருக்குத்தான் 35 வெள்ளி நட்டம். எனவே, பணம் எப்போது தேவைப்படும் என்பதைப் பார்த்தே பத்திரத்தின் முதிர்வு ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது?

ஒரு நிறுவனம் வட்டியைத் தாங்குமா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால் வகுத்துப் பாருங்கள். நம் தோட்டத்தில் சாதாரண ஆண்டில் 840,000ஐ 240,000ஆல் வகுத்தால் 3.5. மோசமான ஆண்டில் 1.25. ஒன்றுக்குக் கீழே போனால், தொழிலில் வரும் லாபம் வட்டிக்கே போதவில்லை என்று பொருள். ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் ஐந்து ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால், எண் படிப்படியாக இறங்குவது கண்ணில் படும். மெக்லியாட் ரஸ்ஸல் கற்றுத்தரும் இன்னொரு சோதனையும் உண்டு. நிறுவனம் தன் சொந்தக் குழுமத்துக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பதை அறிக்கையின் குறிப்புகளில் தேட வேண்டும்.

பத்திரங்களுக்கு நம் நாட்டில் ராம், மார்க் ஆகிய நிறுவனங்கள் தர மதிப்பீடு வழங்குகின்றன. மூன்று ஏ மிக உயர்ந்தது, டி என்றால் தவணை தவறியது. மற்றவை 4 விழுக்காடு தரும்போது ஒன்று மட்டும் 9 விழுக்காடு தருகிறது என்றால், அந்தக் கூடுதல் 5 விழுக்காடு தானம் அல்ல. பணம் திரும்பாமல் போகும் வாய்ப்புக்கான கூலி அது.

இந்த இரண்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பெற்றோரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் ஊழியர் சேமநிதிப் பணம் அரசாங்கப் பத்திரங்களிலும் போகிறது, நிறுவனப் பங்குகளிலும் போகிறது. வழக்கமான கணக்குகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு தருவதாக வாரியம் உறுதி அளித்திருக்கிறது. அதற்கு மேல் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதற்குப் பங்குகளின் ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம்.

நீங்களே கணக்கிடுங்கள்

அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரு தங்கை. அவரிடமும் 1,000 வெள்ளி. 500 வெள்ளிக்குப் பங்கும் 500 வெள்ளிக்குப் பத்திரமும் வாங்குகிறார். மூன்று ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைப்பது எவ்வளவு? தோட்டம் 30 லட்சத்துக்கு விற்கப்பட்டால் திரும்புவது எவ்வளவு?

விடை: சாதாரண ஆண்டில் 80 வெள்ளி, நல்ல ஆண்டில் 130 வெள்ளி, மோசமான ஆண்டில் 35 வெள்ளி. தோட்டம் விற்கப்பட்டால் 300 வெள்ளி. அக்காளின் 200 வெள்ளி இவருக்கு என்றுமே வராது. தோட்டம் மூழ்கும் நாளில், அக்காளைப் போல வெறுங்கையோடு நிற்கவும் வேண்டியதில்லை.